கூட்டுப்புள்ளி கூடிய பிள்ளை ஏன் இரண்டாவதாக வருகிறது?

"விசுவமடுப் பக்கத்தில் எங்கள் வாசிகசாலை, தரம் 11 பிள்ளைகளின் தவணைப் பரீட்சைப் புள்ளியைப் பார்த்து முதலாவதாக வரும் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் கொடுக்கிறது. கணிதம், விஞ்ஞானத்துக்கு நிறை 3, ஆங்கிலம், தமிழுக்கு 2, வரலாறு, சமயத்துக்கு 1 என்று நிர்வாகத்தில் முடிவெடுத்தோம். இப்போது கூட்டுப்புள்ளி கூட எடுத்த பிள்ளை கீழேயும் குறைய எடுத்த பிள்ளை மேலேயும் வருகிறது. தாய் தகப்பன் வந்து கேட்கிறார்கள். கணக்கு பிழையா? இன்னொரு பிள்ளை காய்ச்சலால் வரலாற்றுப் பரீட்சைக்கு வரவில்லை. அதற்கு என்ன போடுவது?"

கணக்கு சரி. நீங்கள் அனுப்பிய புள்ளிகளைக் கையாலும் போட்டுப் பார்த்தேன், அதே விடைதான் வருகிறது. ஆனால் பெற்றோருக்கு "கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது" என்று சொன்னால் அவர்கள் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் தேவையில்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டக்கூடிய கணக்குத்தான் இது. மூன்று பிள்ளைகளையும் அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம்.

| பாடம் | நிறை | அ | ஆ | இ |
|---|---|---|---|---|
| கணிதம் | 3 | 58 | 79 | 76 |
| விஞ்ஞானம் | 3 | 61 | 74 | 72 |
| ஆங்கிலம் | 2 | 64 | 66 | 70 |
| தமிழ் | 2 | 82 | 71 | 75 |
| வரலாறு | 1 | 88 | 68 | வரவில்லை |
| சமயம் | 1 | 91 | 74 | 80 |

முதலில் அ, ஆ இருவரையும் மட்டும் எடுப்போம். அ-வின் கூட்டுப்புள்ளி 444, ஆறு பாடத்துக்குச் சராசரி 74. ஆ-வின் கூட்டுப்புள்ளி 432, சராசரி 72. தேர்ச்சி அறிக்கையைப் பார்க்கும் பெற்றோருக்குத் தெரிவது இவ்வளவுதான்.

நிறை 3 என்றால் அந்தப் பாடத்தை மூன்று தடவை எழுதிக் கூட்டுகிறோம் என்று பொருள். கணிதத்தை மூன்று தடவை, விஞ்ஞானத்தை மூன்று தடவை, ஆங்கிலம், தமிழ் இரண்டையும் இரண்டு இரண்டு தடவை, மற்றவற்றை ஒவ்வொரு தடவை. அப்போது தாளில் இருப்பது ஆறு புள்ளி அல்ல, பன்னிரண்டு புள்ளி. அதனால்தான் 12 ஆல் பிரிக்கிறோம்.

அ-வுக்கு 174 + 183 + 128 + 164 + 88 + 91 = 828. அதை 12 ஆல் பிரித்தால் 69. ஆ-வுக்கு 237 + 222 + 132 + 142 + 68 + 74 = 875. 12 ஆல் பிரித்தால் 72.92. ஆக, ஆ கிட்டத்தட்ட நான்கு புள்ளி முன்னால்.

இங்கே வழமையாக விடும் பிழை, நிறையால் பெருக்கிவிட்டுப் பழக்கதோஷத்தில் பாட எண்ணிக்கையான 6 ஆல் பிரிப்பது. அப்போது அ-வுக்கு 138 வரும், நூறைத் தாண்டியதால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறையிட்ட சராசரி எப்போதும் அந்தப் பிள்ளையின் மிகக் குறைந்த புள்ளிக்கும் மிகக் கூடிய புள்ளிக்கும் இடையில்தான் நிற்கும். அ-வுக்கு 58 க்கும் 91 க்கும் வெளியே ஒரு விடை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, எதால் பிரித்தோம் என்று பாருங்கள்.

பெற்றோருக்குக் காட்டுவதற்கு இந்த இரண்டு கூட்டலையும் விட நல்ல வழி ஒன்று உண்டு. பாடத்துக்குப் பாடம் வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். கணிதத்தில் ஆ 21 புள்ளி கூட, நிறை 3, ஆக 63. விஞ்ஞானத்தில் 13 கூட, ஆக 39. ஆங்கிலத்தில் 2 கூட, ஆக 4. இந்தப் பக்கம் மொத்தம் 106. தமிழில் அ 11 கூட, நிறை 2, ஆக 22. வரலாற்றில் 20, சமயத்தில் 17. அந்தப் பக்கம் மொத்தம் 59. 106 இலிருந்து 59 போக மிச்சம் 47, அதை 12 ஆல் பிரித்தால் 3.92. மேலே வந்த இடைவெளி அதேதான். நிறை போடாமல் இதே வித்தியாசங்களைக் கூட்டினால் ஆ பக்கம் 36, அ பக்கம் 48. அந்த 12 தான் கூட்டுப்புள்ளியில் தெரியும் வித்தியாசம். எந்த இடத்தில் முன்பின்னாக மாறியது என்பது இதில் விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்குத் தெளிவாகத் தெரியும். அ-வின் தாயிடம் "உங்கள் பிள்ளை வரலாறு, சமயம், தமிழில் முன்னுக்கு, இந்தப் பரிசுக்கு நாங்கள் கணிதம், விஞ்ஞானத்தைக் கூடப் பார்த்தோம்" என்று சொல்ல முடியும்.

அடுத்து அவர்கள் கேட்கக்கூடிய கேள்வி, "ஏன் மூன்று? இரண்டு போட்டிருந்தால் என் பிள்ளைக்குக் கிடைத்திருக்குமே?" இது நியாயமான கேள்வி. அதனால் சோதித்துப் பார்த்தேன். மற்ற நான்கு பாடத்துக்கும் நிறை 1 என்று வைத்து, கணிதம், விஞ்ஞானம் இரண்டின் நிறையை மட்டும் மெல்ல மெல்லக் கூட்டினால், 1.35 ஐத் தாண்டிய உடனேயே ஆ முன்னுக்கு வந்துவிடுகிறது. 1.5 போட்டாலும் ஆ-வுக்கு 72.64, அ-வுக்கு 71.93. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஓரளவு கூடுதல் இடம் கொடுப்பது என்று முடிவெடுத்தாலே போதும், விடை இதுதான். 3 என்ற எண்ணில் தொங்கிக்கொண்டு நிற்கும் முடிவு அல்ல இது. ஒரு நிறையைச் சற்று மாற்றினாலே முதலாமிடம் மாறுகிறது என்றால், அங்கே இரண்டு பிள்ளைகளும் சமம் என்று எடுத்துப் பரிசைப் பகிர்வதைப் பற்றி நிர்வாகம் யோசிக்கலாம். இங்கே அந்தத் தேவை இல்லை, அ, ஆ இருவருக்கும் இடையில்.

ஆனால் இ இருக்கிறது. உங்கள் உண்மையான சிக்கல் அங்கேதான்.

இ-வின் ஐந்து பாடத்தையும் நிறையோடு கூட்டினால் 228 + 216 + 140 + 150 + 80 = 814. வரலாற்றுக்குப் பூச்சியம் போட்டு 12 ஆல் பிரித்தால் 67.83, இ மூன்றாவது. வரலாற்றை விட்டுவிட்டு, அதன் நிறையையும் எடுத்துவிட்டு 11 ஆல் பிரித்தால் 74, இ முதலாவது. ஒரே பிள்ளை, அதே புள்ளிகள். ஒரு நிறை மட்டுமே உள்ள பாடத்தில் நாங்கள் எடுக்கும் முடிவு அந்தப் பிள்ளையைக் கடைசியிலிருந்து முதலிடத்துக்குக் கொண்டுபோகிறது. சைக்கிள் யாருக்கு என்பதே இதில்தான் இருக்கிறது.

இரண்டு முறைக்கும் உள்ளே ஒளிந்திருக்கும் எடுகோளைப் பார்க்க வேண்டும். பூச்சியம் போடுவது, அந்தப் பிள்ளை பரீட்சைக்கு வந்திருந்தாலும் ஒன்றும் எழுதியிருக்காது என்று சொல்வது. மற்றப் பாடங்களில் எழுபதுகளில் நிற்கும் பிள்ளைக்கு அது பொய். 11 ஆல் பிரிப்பது பார்ப்பதற்கு நடுநிலையாகத் தெரியும், ஆனால் அதுவும் வரலாற்றுக்கு ஒரு புள்ளி போடுகிறது. 814 உடன் 74 ஐக் கூட்டி 12 ஆல் பிரித்துப் பாருங்கள், சரியாக 74 வரும். அதாவது, "வந்திருந்தால் வரலாற்றில் 74 எடுத்திருக்கும்" என்று நாங்களே புள்ளி வழங்குகிறோம். ஆ உட்கார்ந்து எழுதி எடுத்தது 68. எழுதாத பிள்ளைக்கு எழுதிய பிள்ளையைவிடக் கூடப் போடுகிறோம்.

எனவே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: ஆ-வைத் தாண்டுவதற்கு இ வரலாற்றில் எவ்வளவு எடுத்திருக்க வேண்டும்? 875 இலிருந்து 814 போக 61. 61 எடுத்தால் சமம், 62 எடுத்தால் இ முதலாவது. அ-வைத் தாண்ட 15 எடுத்தாலே போதும், ஆகவே இ-வுக்கு முதல் இரண்டில் ஓரிடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் தீர்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை வரலாற்றில் 61 ஐத் தாண்டக்கூடியதா?

அதற்குச் சிறந்த வழி, வரலாற்று ஆசிரியரிடம் கேட்டு, அதே தரத்தில் இன்னொரு வினாத்தாளை ஒரு பின்னேரம் எழுத வைப்பது. அது முடியாவிட்டால் முந்திய தவணைப் புள்ளியைப் பாருங்கள், ஆனால் அதை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். முந்திய தவணை வினாத்தாள் இலகுவாக இருந்திருக்கலாம். முந்திய தவணையில் வகுப்புச் சராசரியைவிட இ எவ்வளவு கூட அல்லது குறைய என்று எடுத்து, அந்த வித்தியாசத்தை இந்தத் தவணையின் வகுப்புச் சராசரியோடு சேர்க்க வேண்டும். ஒரு உதாரணத்துக்கு, அப்போது வகுப்புச் சராசரி 60, இ 69, இப்போது வகுப்புச் சராசரி 54 என்றால், இ-வுக்கு 63 போடலாம். 69 ஐ அப்படியே போட்டிருந்தால் ஆறு புள்ளி இனாமாகப் போயிருக்கும். இந்த மாதிரி ஒன்றிரண்டு புள்ளியில் தீரும் நிலை வந்தால் மீள எழுத வைப்பதுதான் ஒழுங்கு. மதிப்பிட்ட புள்ளியை வைத்து எழுதிய பிள்ளையிடமிருந்து சைக்கிளை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி, நீங்கள் பாவிக்கும் விரிதாளைப் பற்றி. பூச்சியம் போடுவதா, விடுவதா என்று உங்கள் நிர்வாகம் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் விரிதாள் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டது. முதல் வரிசையில் பாடப் பெயர், இரண்டாம் வரிசையில் நிறை, மூன்றாம் வரிசையிலிருந்து பிள்ளைகள் என்றால் எல்லோரும் எழுதும் சூத்திரம் இது:

```
=SUMPRODUCT($B$2:$G$2,B3:G3)/SUM($B$2:$G$2)
```

வெறுமையான கட்டத்தையும், எழுத்துப் போட்ட கட்டத்தையும் `SUMPRODUCT` பூச்சியமாகவே எடுக்கும். கீழே 12 அப்படியே நிற்கும். பிழை என்று எதுவும் காட்டாது, 67.83 என்று அமைதியாகப் போட்டுவிடும். வராத பாடத்தின் நிறையை விட்டுப் பிரிக்க வேண்டுமானால் இப்படி எழுதலாம்:

```
=SUMPRODUCT($B$2:$G$2,B3:G3)/SUMIF(B3:G3,">=0",$B$2:$G$2)
```

இது எண் உள்ள கட்டங்களின் நிறையை மட்டும் கூட்டும். ஒரு பிள்ளை உண்மையிலேயே பூச்சியம் எடுத்திருந்தால் அது எண் என்பதால் அந்த நிறை சேர்ந்துவிடும். வராத பிள்ளைக்குக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள் அல்லது எழுத்தில் போடுங்கள், 0 மட்டும் போடாதீர்கள்.

அந்த `$` குறிகளை விட்டுவிட்டால் வேறொரு பிழை வரும், அது மோசமானது. சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது நிறை வரிசையும் ஒரு படி இறங்கிவிடும். நான்காம் வரிசையில் உள்ள ஆ-வுக்கு, மூன்றாம் வரிசையில் உள்ள அ-வின் புள்ளிகளே நிறையாகிவிடும். உங்கள் புள்ளிகளில் அப்படிப் போட்டால் ஆ-வுக்கு 71.76 வருகிறது. சரியான விடை 72.92. நூறைத் தாண்டவில்லை, குறைந்த புள்ளிக்கும் கூடிய புள்ளிக்கும் இடையிலும் நிற்கிறது, பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இதைப் பிடிக்க ஒரே வழி, கடைசி வரிசையில் உள்ள பிள்ளையை எடுத்துக் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது. முதல் பிள்ளையைச் சரிபார்ப்பதில் பிரயோசனம் இல்லை, இந்தப் பிழையில் முதல் வரிசை எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த வருடம் இதே நிறைகளைத்தான் பாவிப்பீர்கள். ஆங்கிலத்துக்கு 2, வரலாற்றுக்கு 1 என்று போட்டபோது ஆங்கிலம் இரு மடங்கு முக்கியம் என்பதுதான் உங்கள் எண்ணம். அ, ஆ இருவருக்கும் நடந்ததை மேலே திரும்பப் பாருங்கள். ஆங்கிலம் கொண்டுவந்த வித்தியாசம் 4, வரலாறு கொண்டுவந்தது 20. நிறை பாதியாக இருந்தும் வரலாறு ஐந்து மடங்கு வேலை செய்திருக்கிறது. காரணம், ஆங்கிலத்தில் மூன்று பிள்ளைகளும் 64 க்கும் 70 க்கும் இடையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், வரலாற்றில் எழுதிய இருவருக்கும் இடையில் இருபது புள்ளி இடைவெளி. எல்லோரும் ஏறக்குறைய ஒரே புள்ளி எடுக்கும் பாடத்துக்கு நிறை 10 கொடுத்தாலும் அது யாரையும் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தாது. யார் முதலாவது என்பதைத் தீர்மானிப்பது நிறை மட்டுமல்ல, நிறையும் புள்ளிகளின் பரம்பலும் சேர்ந்துதான்.

முழு வகுப்புக்கும் இதைப் பார்க்க, புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து நிற்கின்றன என்று காட்டும் நியம விலகலை ஒவ்வொரு பாடத்துக்கும் எடுத்து அதன் நிறையால் பெருக்குங்கள். விரிதாளில் `=STDEV(B3:B16)` போன்ற ஒரு வரி போதும். அந்தப் பெருக்கம் எந்தப் பாடத்தில் பெரிதோ அந்தப் பாடம்தான் வரிசையைக் கூடுதலாக இழுக்கிறது. இது ஒரு மதிப்பீடு மட்டுமே. கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை பெரும்பாலும் விஞ்ஞானத்திலும் கெட்டி என்பதால், அந்த இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கும். உங்கள் நிறைகளில் 12 இல் 6 அந்த இரண்டுக்கும் போகிறது, நடைமுறையில் அது பாதியைவிடக் கூடவே இருக்கும்.

உயர்தரத்தில் Z புள்ளி பாவிப்பது ஏன் என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. அடிப்படையில் இந்தச் சிக்கல்தான். பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரித்தால், எல்லாப் பாடங்களும் ஒரே அளவு பரம்பலுக்கு வந்துவிடும். அதன் பிறகு மூன்று பாடத்தின் Z ஐயும் சமமாகச் சராசரி எடுக்கிறார்கள். நீங்களும் முதலில் Z ஆக்கிவிட்டு 3, 3, 2, 2, 1, 1 என்று நிறையிட்டால் அந்த எண்கள் சொன்னபடியே வேலை செய்யும். ஆனால் பதினைந்து இருபது பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லமாட்டேன். அவ்வளவு சிறிய கூட்டத்தில் ஒரே ஒரு பிள்ளை கணிதத்தில் 5 எடுத்தால் நியம விலகல் வீங்கிவிடும், மற்ற எல்லோருக்கும் கணிதத்தில் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். அந்த ஒரு பிள்ளை சைக்கிள் யாருக்கு என்பதை மாற்றிவிடலாம். அதோடு, வாசிகசாலை மண்டபத்தில் வந்து நிற்கும் ஒரு தகப்பனுக்கு Z ஐ விளங்கப்படுத்துவது நல்ல கஷ்டம். சாதாரண நிறையே இருக்கட்டும், எந்தப் பாடம் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு நிறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஆங்கிலம் பேசுவதற்கு நீங்களே 25 புள்ளிக்கு ஒரு பரீட்சை வைத்து அடுத்த முறை சேர்க்கப் போவதாகவும் சொல்லியிருந்தீர்கள். நல்லது, ஆனால் 25 ஐ 25 ஆகவே சேர்க்காதீர்கள். 20 எடுத்த பிள்ளைக்கு அது 80 வீதம், நூறு புள்ளிப் பாடங்களுக்குப் பக்கத்தில் வெறும் 20 என்று வைத்தால் எல்லாப் பிள்ளைக்கும் சராசரி விழும், அந்தப் பரீட்சைக்கு நீங்கள் கொடுத்த நிறையும் காற்பங்காகிவிடும். முதலில் 4 ஆல் பெருக்கி நூறுக்குக் கொண்டுவந்து, பிறகு நிறையிடுங்கள். நிறை 1 கொடுத்தால் பிரிக்கும் எண் 13 ஆகும், அதை மாற்ற மறக்க வேண்டாம்.

அடுத்த தவணைப் பரீட்சைக்கு முன்னமே வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்: பாடங்களும் நிறையும், எதால் பிரிப்பது, மருத்துவக் கடிதத்தோடு வராத பிள்ளைக்கு மீள ஒரு பரீட்சை உண்டா, சமநிலை வந்தால் எந்தப் பாடத்தைப் பார்ப்பது. சமநிலைக்குக் கணிதப் புள்ளியைப் பாருங்கள் என்பது என் யோசனை. சராசரியைக் கடைசியில் மட்டும் இரண்டு தசமத்துக்கு மட்டந்தட்டுங்கள். இந்த முறைக்கு, இ-வின் வரலாற்று ஆசிரியரைக் கண்டு கதைத்துவிட்டு எழுதுங்கள்.